பெரிய ஸீனரியோடு எக்ஸ்-ப்ளேன் 12: எந்தப் பாகத்துக்குக் காசு போடுவது என்று அளந்து பார்க்கும் வழி

நண்பன் ஒருவன் போன வருடம் கிராபிக்ஸ் கார்டை மாற்றினான். பழைய ஜிடிஎக்ஸ் 1660ஐ எடுத்துவிட்டு ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. அன்று இரவே போன் வந்தது. "கார்டு மாத்தியும் அதே இருபத்தி மூணு ஃப்ரேம்தான்டா. ஏமாத்திட்டானுங்களா?" யாரும் ஏமாற்றவில்லை. கார்டு நல்ல கார்டுதான். அவன் கணினியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது கார்டு அல்ல, ப்ராசஸர். அது பத்து நிமிடத்தில் தெரியக்கூடிய விஷயம். காசு கொடுப்பதற்கு முன்பே தெரிந்திருக்கலாம்.

அந்தப் பத்து நிமிட வேலையையும், அதற்குப் பிறகு அவனுக்கு எதை வாங்கினோம், ஏன் வாங்கினோம் என்பதையும் இங்கே முறையாக எழுதுகிறேன். அவன் வைத்திருப்பது எக்ஸ்-ப்ளேன் 12 என்ற விமான சிமுலேட்டர். ஆர்த்தோ4எக்ஸ்பி என்ற கருவியைக் கொண்டு ஆல்ப்ஸ் மலைப் பகுதிக்குச் செயற்கைக்கோள் படங்களால் ஸீனரி, அதாவது தரைக் காட்சி, கட்டியிருக்கிறான். கணினியில் ரைசன் 5 3600, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், பி450 போர்டு. மானிட்டர் 1440பி.

இந்த விளையாட்டு மட்டும் ஏன் வேறு மாதிரி

சாதாரணச் சுடும் விளையாட்டில் நாம் இருப்பது ஒரு தெரு அல்லது ஒரு கட்டிடம். விமான சிமுலேட்டரில் கண்ணுக்கு எட்டியது ஐம்பது, நூறு கிலோமீட்டர். அதற்குள் ஆயிரக்கணக்கான வீடுகளும் மரங்களும் சாலைகளும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இவற்றில் எது தெரிகிறது, எது மலைக்குப் பின்னால் போய்விட்டது, எதை எந்த அளவு நுணுக்கத்தில் வரைய வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுப்பது ப்ராசஸர். கார்டு அந்தப் பட்டியலை வாங்கி வரைகிறது, அவ்வளவுதான். பட்டியல் தாமதமானால் கார்டு கை கட்டி உட்கார்ந்திருக்கும்.

இந்த வேலையில் பெரும்பகுதியை ஒரே ஒரு முதன்மை இழைதான் செய்கிறது, அதாவது ஒரே ஒரு கோர். புதிய நிலப்பரப்பை டிஸ்கிலிருந்து ஏற்றுவது போன்றவை மற்ற கோர்களுக்குப் போகும். ஆனால் விமானத்தின் பறத்தல் கணக்கு, வரையும் பட்டியல் தயாரிப்பு, நீங்கள் போட்டிருக்கும் ப்ளகின்கள் எல்லாம் முதன்மை இழையில் வரிசையில் நிற்கின்றன. காசு கொடுத்து வாங்கும் பெரிய பயணிகள் விமானங்களின் கணினிகளும் பெரும்பாலும் ப்ளகின்களாகவே ஓடும் என்பதால், செஸ்னாவில் நன்றாக ஓடும் கணினி அங்கே தள்ளாடும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஆர்த்தோ படம் ப்ராசஸரைக் கொல்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். தரையில் விரித்த புகைப்படம் வெறும் படம்தான். அது தின்பது டிஸ்க், ரேம், கார்டின் நினைவகம். ப்ராசஸரை அழுத்துவது அதன் மேல் நிற்கும் வீடுகளும் மரங்களும். ஆக, இரண்டு நோய்கள், இரண்டு மருந்துகள். ஃப்ரேம் எண்ணிக்கை எப்போதும் குறைவாகவே இருந்தால் ப்ராசஸர் பக்கம் பாருங்கள். எண்ணிக்கை நன்றாக இருந்தும் அவ்வப்போது படம் உறைந்து உறைந்து நகர்ந்தால் ரேம் பக்கம் பாருங்கள்.

முதல் படி: அளக்கும் இடத்தை நிலையாக்குங்கள்

ஒவ்வொரு முறையும் வேறு விமானம், வேறு வானிலை என்று வைத்து அளந்தால் எந்த எண்ணுக்கும் அர்த்தம் இல்லை. நாங்கள் எடுத்தது ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் விமான நிலையம், குறியீடு LOWI, ஓடுபாதை 26. இருபுறமும் மலை, நடுவில் பள்ளத்தாக்கு முழுக்க ஊர். எந்தக் கணினியையும் இந்த இடம் வேலை வாங்கும். விமானம் சிமுலேட்டரோடு கூடவே வரும் செஸ்னா 172. நேரம் மதியம், வானிலை மேகமில்லாமல் கையால் அமைத்தது, மற்ற விமானங்கள் பூஜ்யம்.

அப்புறம், வி-சிங்க்கையும் ஃப்ரேம் வரம்பையும் அணைத்துவிடுங்கள். அவை இருந்தால் கணினி வேண்டுமென்றே காத்திருக்கும். அந்தக் காத்திருப்பு எண்களைக் கலைத்துவிடும்.

இரண்டாம் படி: மூன்று எண்களைப் படியுங்கள்

`Settings` உள்ளே `Data Output` பக்கத்தில் முதல் வரி `Frame rate`. அதில் `Show in Cockpit` கட்டத்தை டிக் செய்தால் திரையின் மூலையில் எண்கள் வரும். நமக்கு வேண்டியவை `frame time`, `cpu time`, `gpu time`. மூன்றும் நொடிக் கணக்கு. நண்பன் கணினியில் வந்தது இது:

```
f-act       23.0
frame time  .0435
cpu time    .0425
gpu time    .0150
```

ஒரு ஃப்ரேமுக்கு 43 மில்லிநொடி ஆகிறது. ப்ராசஸரும் கார்டும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன: ப்ராசஸருக்கு 42 ஆகிறது, கார்டுக்கு 15. கார்டு தன் வேலையை முடித்துவிட்டு மீதி நேரம் முழுக்கச் சும்மா இருக்கிறது. 15 மில்லிநொடியில் ஒரு ஃப்ரேம் என்றால் அந்தக் கார்டு தனியாக நொடிக்கு அறுபதுக்கு மேல் தரும். ப்ராசஸர் விடவில்லை. `frame time` எதற்கு அருகில் நிற்கிறதோ அதுதான் உங்கள் முட்டுக்கட்டை.

பக்கத்திலேயே `f-sim` என்று ஓர் எண் இருக்கும். `f-act` காட்டும் உண்மையான வேகம் 20 ஃப்ரேமுக்குக் கீழே போனால், பறத்தல் கணக்கு கெட்டுப்போகக் கூடாது என்று எக்ஸ்-ப்ளேன் சிமுலேட்டரின் கடிகாரத்தையே மெதுவாக ஓட்டும். `f-act` 15 என்று இருக்கும்போது `f-sim` 20ஐ ஒட்டி நிற்பதைப் பார்க்கலாம். விமானம் தேனில் மிதப்பது போல ஊர்ந்தால் காரணம் காற்று அல்ல, இதுதான். ஆன்லைனில் மற்றவர்களோடு சேர்ந்து பறப்பவர்களுக்கு இது பெரிய சங்கடம், கட்டுப்பாட்டாளரின் கடிகாரம் உங்களுக்காகக் காத்திருக்காது.

டாஸ்க் மேனேஜரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். நண்பன் அதைத்தான் பார்த்திருந்தான்: ப்ராசஸர் 22 சதவீதம் என்று காட்டியது, சரி, இது பிரச்சினை இல்லை என்று கார்டு வாங்கப் போய்விட்டான். ஆறு கோர், பன்னிரண்டு இழை உள்ள ப்ராசஸரில் ஒரு இழை முழுமூச்சாக ஓடினால் மொத்தக் கணக்கில் அது எட்டு சதவீதத்துக்கு மேல் காட்டாது. வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து `Change graph to`, `Logical processors` என்று மாற்றிப் பார்த்தால் கொஞ்சம் தெளியும். அப்போதும்கூட விண்டோஸ் அந்த இழையைக் கோருக்குக் கோர் மாற்றி உட்கார வைப்பதால் எதுவும் நூறைத் தொடாதது போலத் தோன்றலாம். சிமுலேட்டர் சொல்லும் எண்ணை நம்புங்கள்.

மூன்றாம் படி: அசைத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள்

இரண்டே சோதனை. முதலில் திரைத் தெளிவை 1440பியிலிருந்து 1080பிக்கு இறக்கினோம். கார்டின் வேலை பாதிக்கு அருகில் குறைய வேண்டும். `gpu time` இறங்கியது, ஃப்ரேம் அதே 23. இரண்டாவது, தெளிவைப் பழையபடி வைத்துவிட்டு, உலகப் பொருட்களின் அடர்த்தியை உச்சத்திலிருந்து நடுவுக்கு இறக்கினோம். ஃப்ரேம் 34. பட்டியலில் இருந்த வீடுகள் குறைந்தன, ப்ராசஸர் மூச்சு விட்டது. இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

உங்களுக்கு இது தலைகீழாக வந்தால், அதாவது தெளிவைக் குறைத்ததும் ஃப்ரேம் ஏறினால், இந்தக் கட்டுரை உங்களுக்கானது அல்ல, கார்டையே பாருங்கள். 4கே மானிட்டர், தலையில் மாட்டும் விஆர் கருவி, எக்ஸ்-ப்ளேன் 12இன் அடர்ந்த மேகங்கள் ஆகிய மூன்றும் பாரத்தைக் கார்டுக்குத் தள்ளும். அதனால்தான் மேகமில்லாமல் ஒரு முறை அளந்த பிறகு மேகத்தோடும் ஒரு முறை அளக்கச் சொல்வேன்.

நான்காம் படி: ரேம் எவ்வளவு வேண்டும் என்று பறந்து பாருங்கள்

ரேம் விஷயத்தில் ஓடுபாதையில் நின்று அளப்பது பயன்படாது. எக்ஸ்-ப்ளேன் உலகத்தை ஒரு பாகைக்கு ஒரு பாகை என்ற சதுரங்களாகப் பிரித்து, விமானத்தைச் சுற்றியுள்ள சில சதுரங்களை மட்டும் ஏற்றி வைக்கும். நீங்கள் நகர நகரப் புதியவை ஏறும், பழையவை இறங்கும். ரேம் உச்சத்தைத் தொடுவது அந்த எல்லைகளை ஒட்டித்தான்.

ஒரு சதுரத்தின் கனம் என்ன என்று கணக்குப் போடலாம். ஆர்த்தோ4எக்ஸ்பி நிலத்தை 4096க்கு 4096 புள்ளி கொண்ட படங்களாக வெட்டுகிறது. சுருக்கிய நிலையில் ஒரு படம் 8 எம்பி. தூரத்திலிருந்து பார்க்க உதவும் சிறிய பிரதிகளும் சேர்ந்தால் 10.7 எம்பி. இன்ஸ்புரூக் இருக்கும் சதுரம் அட்சம் 47, தீர்க்கம் 11, அதாவது +47+011. படத்தின் நுணுக்க அளவான ஜூமை 17இல் வைத்துக் கட்டினால் அதற்கு ஏறக்குறைய 800 படங்கள் வரும்: எட்டரை ஜிபி. ஜூமை ஒன்று ஏற்றினால் நான்கு மடங்கு, அதாவது 18இல் 34 ஜிபி. ஒன்று இறக்கினால் 16இல் இரண்டு ஜிபி. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் படங்களின் எண்ணிக்கை குறையும். மதுரை இருக்கும் +09+078 அதே ஜூம் 17இல் ஆறு ஜிபி அளவில் அடங்கிவிடும்.

இவ்வளவும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் ஏறுவதில்லை. தூரத்துப் படங்கள் சிறிய பிரதியாகத்தான் வரும். ஆனாலும் 18இல் ஊர் ஊராகக் கட்டி வைத்துவிட்டு "ஏன் திணறுது" என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கே பதில். விமான நிலையத்தைச் சுற்றி மட்டும் 18, மற்ற இடமெல்லாம் 16 என்று கட்டுவதற்கு அந்தக் கருவியிலேயே வசதி இருக்கிறது. காசே செலவில்லாத மேம்பாடு அது.

சோதனைக்கு இன்ஸ்புரூக்கிலிருந்து சூரிக், LSZH வரை பறந்தோம். மேற்கே போகப் போக +47+010, +47+009, +47+008 என்று மூன்று எல்லைகள் வரும். இரண்டாவது திரையில் டாஸ்க் மேனேஜரின் `Memory` பக்கத்தைத் திறந்து `Committed` எண்ணைப் பார்த்துக்கொண்டே பறந்தான். 16 ஜிபி கணினியில் அது 27 வரை ஏறியது. உண்மையான ரேமைத் தாண்டிய மீதியை விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருக்கும் பேஜ் ஃபைலில் சமாளிக்கப் பார்க்கிறது. `resmon` திறந்து `Memory` பகுதியில் `Hard Faults/sec` வரிசையைப் பார்த்தால், எல்லை வரும் நேரத்தில் எக்ஸ்-ப்ளேனுக்கு எதிரே எண் நூற்றுக்கணக்கில் துள்ளுகிறது. அதே நொடியில் படமும் உறைகிறது. இரண்டும் கைகோத்து வந்தால் ரேம் போதவில்லை. `Hard Faults` அமைதியாக இருந்தும் படம் உறைந்தால் காரணம் வேறு; பெரும்பாலும் ஏதாவது ஒரு ப்ளகின்.

பறந்து முடித்த பிறகு எக்ஸ்-ப்ளேன் ஃபோல்டரில் இருக்கும் `Log.txt` கோப்பில் `DSF load time` என்று தேடுங்கள். ஒவ்வொரு சதுரமும் ஏற எடுத்த நேரம் இருக்கும். வரி இந்த மாதிரி வரும், பாதையைச் சுருக்கியிருக்கிறேன்:

```
DSF load time: 9412377 for file .../+40+000/+47+009.dsf
```

எண் மைக்ரோநொடியில். கடைசி ஆறு இலக்கத்தைத் தள்ளிப் படித்தால் ஒன்பது நொடிக்கு மேல். இது பின்னணியில் நடப்பதால் ஒன்பது நொடியும் படம் உறையாது. ஆனால் ஒரே ஒரு சதுரம் மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு நேரம் எடுத்தால், அதைக் கட்டும்போது `curvature_tol` மதிப்பை மிகவும் குறைத்துவிட்டீர்களா என்று பாருங்கள். அது குறையக் குறைய மலையின் வடிவம் நுணுக்கமாகும், முக்கோணங்கள் பெருகும். அப்படிப்பட்ட சதுரத்தை மறுபடி கட்டுவதுதான் தீர்வு, புதிய கணினி அல்ல.

என் கணக்கு இது: உங்கள் வழக்கமான நீளமான பாதையில் `Committed` தொட்ட உச்சத்தின் மேல் கால் பங்கு சேர்த்து, அதற்கு நெருக்கமான அளவு ரேம். 27க்குக் கால் பங்கு சேர்த்தால் 34 வருகிறது. 32 வாங்கினோம், ப்ரௌசரை மூடிவிட்டுப் பறக்கச் சொன்னேன். இரண்டு ஜூம் 18 சதுரம் வைத்திருந்தால் 64 என்றே சொல்லியிருப்பேன்.

ஐந்தாம் படி: ரேம் வாங்கும்போது

அளவு மட்டும் பார்க்காதீர்கள். ஒற்றைக் குச்சியாக வாங்கினால் நினைவகப் பாதை பாதியாகிறது, முதன்மை இழை தரவுக்காகக் காத்து நிற்கும். எப்போதும் ஜோடி. அதே நேரம், நான்கு குச்சி போடுவதும் டிடிஆர்5இல் கெடுதல். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டியின் அதிகாரபூர்வ வேகம் இரண்டு குச்சியில் 5200, நான்கு குச்சியில் 3600தான். 64 வேண்டுமென்றால் இரண்டு 32ஆக வாங்குங்கள்.

கடைக்காரர் மாட்டிக் கொடுத்துவிட்டார், வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். டாஸ்க் மேனேஜரின் `Memory` பக்கத்தில் `Speed` பாருங்கள். நண்பனுடைய பழைய குச்சிகளின் பெட்டியில் 3200 என்று இருந்தது, திரையில் 2666. குச்சியை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி அமைப்பைப் பயாஸில் யாரும் இயக்கவே இல்லை. மூன்று வருடம் அப்படியே ஓடியிருக்கிறது. அதை மட்டும் இயக்கியதில் 23 ஃப்ரேம் 25 ஆனது. ஏஎம்டியின் டிடிஆர்5 போர்டில் இதே அமைப்பு எக்ஸ்போ என்ற பெயரில் இருக்கும்.

ஆறாம் படி: ப்ராசஸர்

கோர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். எட்டு நல்ல கோருக்கு மேல் இந்த வேலைக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது. இன்டெல்லின் சின்னச் சின்னச் சிக்கனக் கோர்களைக் கூட்டி வரும் இருபது, இருபத்து நான்கு என்ற எண்களும் அப்படித்தான்.

பார்க்க வேண்டியது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ். வரையும் பட்டியலைத் தயாரிக்கும் இழை, நினைவகத்தில் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் தகவல்களைத் தேடித் தேடி எடுக்கிறது. அவை கேஷில் இருந்தால் உடனே கிடைக்கும். இல்லையென்றால் ரேம் வரை போய் வர வேண்டும், அந்த நேரத்தில் கோர் சும்மா நிற்கும். நண்பனின் 3600இல் மொத்தம் 32 எம்பி என்று போட்டிருந்தாலும் அது இரண்டு பதினாறாகப் பிரிந்திருக்கிறது. முதன்மை இழை உட்கார்ந்திருக்கும் பக்கத்துக்குக் கிடைப்பது 16தான். ஏஎம்டியின் எக்ஸ்3டி வரிசையில் கேஷையே இன்னொரு அடுக்காகச் சில்லோடு சேர்த்திருக்கிறார்கள். 2022இல் வந்த 5800எக்ஸ்3டியில் 96 எம்பி, எட்டுக் கோருக்கும் பொது. சாதாரண 5800எக்ஸைவிட அதன் கடிகார வேகம் குறைவு. இருந்தும் விமான சிமுலேட்டரில் அதைத் தாண்டிப் போகிறது.

பழைய ஏஎம்4 போர்டு வைத்திருப்பவருக்கு இது பெரிய வாய்ப்பு. பயாஸைப் புதுப்பித்தால் 5800எக்ஸ்3டியோ அதன் சற்றே மெதுவான தம்பி 5700எக்ஸ்3டியோ அதே சாக்கெட்டில் உட்காரும். போர்டும் ரேமும் மாற வேண்டாம். பழைய ப்ராசஸர் மாட்டியிருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். கழற்றிய பிறகு நினைவு வந்தால் மறுபடி மாட்ட வேண்டியிருக்கும். புதிதாகக் கட்டுபவருக்கு ஏஎம்5இல் 7800எக்ஸ்3டி அல்லது 9800எக்ஸ்3டி.

விலை உயர்ந்த 7950எக்ஸ்3டி நல்லதுதானே என்று கேட்பார்கள். அதில் இரண்டு சில்லுகள், கூடுதல் கேஷ் ஒன்றில் மட்டும். முதன்மை இழை தவறான சில்லில் போய் உட்கார்ந்தால் கொடுத்த காசின் பலன் கிடைக்காது. விமானம் ஓட்ட மட்டும் கணினி என்றால் 7800எக்ஸ்3டியே தலைவலி இல்லாதது.

மடிக்கணினிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் ஐந்து நிமிட அளவை நம்பாதீர்கள். அரை மணி நேரம் பறந்த பிறகு, சூடு ஏறி, ப்ராசஸர் வேகம் குறைந்த பின் வரும் `cpu time`தான் உங்கள் உண்மையான எண்.

டிஸ்க்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸீனரி சுழலும் ஹார்டு டிஸ்கில் இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். எஸ்எஸ்டி எதுவானாலும் ஃப்ரேமில் வித்தியாசம் தெரியாது, வேகத்தைவிடக் கொள்ளளவுக்கே காசு போடுங்கள். கார்டில் பார்க்க வேண்டியது அதன் நினைவகம். ஆர்த்தோவுக்கு 8 ஜிபி இறுக்கம், 12 நிம்மதி. அது போதாமல் போனால் ஃப்ரேம் குறைவதற்கு முன்பே தரை மங்கித் தெரியும், அதுதான் அடையாளம்.

மாற்றிய பிறகு மறுபடி அதே ஓடுபாதை

நண்பன் கடைசியில் 5700எக்ஸ்3டி வாங்கினான், கூடவே 32 ஜிபி ஜோடி. ஒரே நாளில் இரண்டையும் மாட்டாமல் முதலில் ரேமை மட்டும் மாட்டச் சொன்னேன், எது எதைச் சரி செய்தது என்று தெரிய வேண்டுமே. ரேம் மாறியதும் இன்ஸ்புரூக் ஓடுபாதையில் அதே 25தான், ஒரு ஃப்ரேம்கூட ஏறவில்லை. ஆனால் சூரிக் வரை படம் ஒரு முறைகூட உறையவில்லை. மறுநாள் ப்ராசஸர். அதே செஸ்னா, அதே மதியம், பொருட்கள் உச்சத்தில்:

```
f-act       36.1
frame time  .0277
cpu time    .0270
gpu time    .0152
```

இப்போதும் முட்டுக்கட்டை ப்ராசஸர்தான், கவனியுங்கள். கார்டு இன்னும் பாதி நேரம் சும்மாதான் இருக்கிறது. அந்த மீதியில் மேகத்தின் தரத்தையும் நிழலையும் ஏற்றிக்கொள்ளச் சொன்னேன். நிழலை ஏற்றும்போது `cpu time`ஐயும் பார்த்துக்கொள் என்றேன், கட்டிடங்களின் நிழலுக்கும் பட்டியல் போடுவது ப்ராசஸர்தான். அப்படியே ஆனது: மேகத்தை ஏற்றியதில் ஃப்ரேம் அசையவில்லை, நிழலை ஏற்றியதும் 31க்கு இறங்கியது. நிழலைத் திரும்ப இறக்கிவிட்டு, மேகத்தை அப்படியே வைத்துக்கொண்டான்.